மாமன் கடிகாரம், மருமகள் நாடி

நாடி பார்க்கும் வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடியின் நடை தெரிந்துவிட்டாலும் உடனே பலன் சொல்லிவிடமாட்டார். "என்ன வயதாகிறது?" என்று கேட்பார். ஆள் ஒல்லியா, பருமனா என்று ஏற இறங்கப் பார்ப்பார். ஆணா, பெண்ணா என்பது அவர் கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஒரே நாடித்துடிப்பு இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளையும் அறுபது வயது முதியவருக்கு வேறொரு பொருளையும் தரும் என்பதை அவர் அறிவார்.

இன்று நம் விடுதியில் பலருடைய கையில் நாடி பார்க்கும் கடிகாரம் இருக்கிறது. அதுவும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் வைத்தியர் ஒவ்வொரு முறையும் கேட்பார். கடிகாரமோ கட்டிக்கொண்ட முதல் நாளில் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, அதன்பின் வாயைத் திறப்பதில்லை. அந்த ஒரு நாளில் யார் பதில் சொன்னார்களோ, அவர்களுடைய உடம்பாகவே உங்கள் உடம்பையும் நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கணக்கெழுதிக்கொண்டு போகும். அந்தப் பதில் தவறாக இருந்தால் எந்தக் கணக்கு எவ்வளவு கோணும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடிகாரம் அளப்பது எது, ஊகிப்பது எது?

கடிகாரத்தைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பச்சை நிற விளக்கொளி மினுக்மினுக்கென்று தெரியும். அவ்வொளி தோலுக்குள் சென்று திரும்பி வருகிறது. இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றே பெருகும். பெருகிய இரத்தம் பச்சை ஒளியை அதிகமாக விழுங்கும். திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். இந்த எண்ணிக்கைக்கு உங்கள் வயதும் வேண்டாம், எடையும் வேண்டாம், பாலும் வேண்டாம். கடிகாரத்தில் எந்த வயதை எழுதி வைத்தாலும் துடிப்பு 150 என்றால் 150 என்றே காட்டும்.

கடிகாரம் அளக்கும் பொருள் பெரும்பாலும் இதுவும், ஓடிய தூரமும், அதற்கான நேரமுந்தான். மற்றவை யாவும் ஊகம். "நீ இப்போது நான்காம் மண்டலத்தில் இருக்கிறாய்" என்பது ஊகம். "முந்நூறு கலோரி செலவழித்தாய்" என்பது ஊகம். VO2 Max என்ற பெயரில் அது காட்டும் தகுதி மதிப்பெண்ணும் ஊகமே. இந்த ஊகங்களுக்குத்தான் வயது, எடை, பால் ஆகிய மூன்று எண்ணங்களும் அடிப்படையாகின்றன. அளவு சரியாக இருந்தும் முடிவு தவறாக வருவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரு மாணவிக்கு வயது 20. எடை 50 கிலோ. அவளுடைய தாய்மாமனுக்கு வயது 45. எடை 75 கிலோ. மாமன் புதுக் கடிகாரம் வாங்கியதும் பழையதை மருமகளுக்கு அனுப்பிவைத்தார். அவளும் மகிழ்ச்சியோடு கட்டிக்கொண்டாள். உள்ளே இருக்கும் விவரங்களை மாற்றவில்லை. இனி அந்தக் கடிகாரம் அவளைப் பற்றி என்னென்ன சொல்லும் என்று கணக்குப் போடுவோம்.

வயது தவறினால் மண்டலம் தவறும்

ஒருவருடைய இதயம் முழு மூச்சாக உழைக்கும்போது அடையக்கூடிய மிகுதியான துடிப்பை உச்சத் துடிப்பு எனலாம். வயது ஏற ஏற இது குறையும். கடிகாரங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் எளிய சூத்திரம், 220-லிருந்து வயதைக் கழிப்பது. மாணவிக்கு இது 200. மாமனுக்கு 175.

இந்த உச்சத்தை வைத்துக்கொண்டு ஐந்து மண்டலங்களை வகுப்பது வழக்கம். உச்சத்தில் நூற்றுக்கு 50 முதல் 60 வரை முதல் மண்டலம்; 60 முதல் 70 வரை இரண்டாவது; அவ்வாறே பத்துப் பத்தாக ஏறி, 90 முதல் 100 வரை ஐந்தாவது. முதலிரண்டு மண்டலங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய இலேசான உழைப்பு. மூன்றாவது நடுத்தரம். நான்காவதில் மூச்சு வாங்கும். ஐந்தாவதில் சில நிமிடங்களுக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது.

மாணவிக்குரிய இரண்டாம் மண்டலம் 120 முதல் 140 வரை. மாமனுடைய வயதை வைத்துக் கடிகாரம் வகுத்த இரண்டாம் மண்டலமோ 105 முதல் 122 வரை. அவள் காலையில் தோழியோடு பேசிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள், துடிப்பு 130. அவளுடைய உச்சத்தில் இது நூற்றுக்கு 65, இலேசான ஓட்டம். கடிகாரம் 130-ஐ 175-ஆல் வகுத்து, நூற்றுக்கு 74 என்று கொண்டு, மூன்றாம் மண்டலம் என்கிறது. வேகம் சற்றுக் கூடித் துடிப்பு 150 ஆனால் அவளுக்கு அது மூன்றாம் மண்டலம். கடிகாரத்துக்கு நான்காம் மண்டலம். 160 ஆனால் அவள் நான்காம் மண்டலத்தின் வாசற்படியில் நிற்கிறாள். கடிகாரம் ஐந்தாவதில் போய்விட்டதாக அலறுகிறது.

இதனால் வரும் கேடு என்ன? "இரண்டாம் மண்டலத்திலேயே ஓடு" என்று பயிற்சி நூல்கள் சொல்வதை நம்பி அவள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டால், 122-க்குமேல் துடிப்பைப் போகவிடக் கூடாது. இருபது வயதில், உடல்நலமுள்ள ஒருத்திக்கு அது ஓட்டமே அன்று. பலருக்கு அது விரைவான நடைதான். ஓடத் தொடங்கியதும் கடிகாரம் கீச்சிடும், அவள் நிற்பாள், மறுபடி ஓடுவாள், மறுபடி நிற்பாள். மாதக்கணக்கில் பயின்றும் உடம்பு தேறவில்லையே என்று சலித்துக்கொள்வாள். குறை அவள் உடம்பில் இல்லை. 25 ஆண்டு வேற்றுமையில் இருக்கிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் ஆபத்து இன்னும் அதிகம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவன், தன் வயது 20 என்று பதிந்த கடிகாரத்தை 55 வயதுத் தந்தைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தையின் உச்சம், அதே சூத்திரப்படி, 165. அவர் மாடிப்படி ஏறி இறங்கிப் பயிற்சி செய்யும்போது துடிப்பு 150-ஐத் தொடுகிறது. அவருக்கு அது நூற்றுக்கு 91, ஐந்தாம் மண்டலம். கடிகாரமோ நூற்றுக்கு 75 என்று கணக்கிட்டு, "நடுத்தர உழைப்பு, தொடரலாம்" என்ற பாவனையில் இருக்கும். மகளுக்கு நேர்ந்தது வீண் தயக்கம். தந்தைக்கு நேர்வது வீண் துணிச்சல். நிறுத்தவேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தாமல் விடுவது இரண்டிலும் கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலோரிக் கணக்கில் மூன்றும் கலக்கும்

மண்டலத்தில் வயது ஒன்றே பெரும்பாலும் விளையாடியது. கலோரிக் கணக்கிலோ மூன்றும் சேர்ந்து விளையாடுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் சூத்திரத்தை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆயினும் 2005-ஆம் ஆண்டில் கீட்டெல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம் யாவரும் எடுத்தாளக் கூடியதாக இருக்கிறது. துடிப்பு, எடை, வயது ஆகியவற்றைக் கொண்டு நிமிடத்துக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அது சொல்லும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு சூத்திரங்கள் உண்டு. உங்கள் கடிகாரத்தின் கணக்கு இதனின்று சற்று வேறுபடலாம். தவறு எவ்வகையில் புகுகிறது என்பதை அறிய இது போதும்.

மாணவி 150 துடிப்பில் அரைமணி நேரம் ஓடுகிறாள். அவளுடைய உண்மையான விவரங்களை, அதாவது பெண், 20 வயது, 50 கிலோ என்பவற்றை, இச்சூத்திரத்தில் இட்டால் விடை 300 கலோரி. மாமனுடைய விவரங்களை இட்டால் விடை 455 கலோரி. ஒரே ஓட்டம், ஒரே துடிப்பு, ஒரே உடம்பு. ஆனால் கணக்கில் 155 கலோரி மிகை.

இந்த மிகையில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். வயதையும் எடையையும் சரியாக வைத்துவிட்டு, பெண் என்பதை மட்டும் ஆண் என்று மாற்றினால் 300 என்பது 384 ஆகிவிடுகிறது. அதன்மேல் எடையை 75 ஆக்கினால் 419. அதன்மேல் வயதை 45 ஆக்கினால் 455. ஆகவே பாதிக்குமேல் தவறு பால் என்ற ஒரே கட்டத்தில் புகுந்துவிட்டது. கடிகாரத்தில் நாம் மிக அலட்சியமாகத் தொட்டுவிட்டுப் போகும் கட்டமும் அதுவே.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். பால், வயது இரண்டும் சரியாக இருந்து, எடை மட்டும் 50-க்குப் பதில் 75 என்று இருந்தால் என்ன ஆகும்? கலோரி கூடும் என்றுதானே நினைப்போம்? இச்சூத்திரத்தில் அது 277 ஆகக் குறைகிறது! பெண்களுக்கான சூத்திரத்தில், ஒரே துடிப்புக்கு, எடை கூடக்கூட ஆற்றல் சற்றுக் குறையும்படி கணக்கு அமைந்திருக்கிறது. ஆண்களுக்கான சூத்திரத்தில் எடை கூடினால் ஆற்றலும் கூடும். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: எடையைக் கூட்டி எழுதினால் கலோரி எப்போதும் கூடியே காட்டும் என்று எண்ணி, "நூறு கழித்துக்கொண்டால் சரியாய்ப் போகும்" என்று மனக்கணக்குப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. ஒரு கட்டத்தின் தவறு மற்றொரு கட்டத்தின் தவற்றோடு கூடவும் செய்யும், கழியவும் செய்யும்.

155 கலோரி என்பது நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஏறக்குறைய இரண்டு சப்பாத்திக்குச் சமானம். வாரத்தில் ஆறு நாள் ஓடி, "இன்றைக்குத்தான் 455 செலவழித்தேனே" என்று அதற்கேற்பச் சாப்பிட்டால் வாரத்துக்கு 930 கலோரி கணக்கில் வராத சாப்பாடாகச் சேரும். எடை குறைக்க ஓடுபவர் எடை குறையவில்லையே என்று வியப்பதற்கும் இது ஒரு காரணம்.

எடையில் நேரும் மற்றொரு பிழை அலகினால் வருவது. சில கடிகாரங்களில் எடையைப் பவுண்டிலும் எழுதலாம், கிலோவிலும் எழுதலாம். பவுண்டு என்று இருக்கும்போது 50 என்று எழுதிவிட்டால் கடிகாரம் உங்களை 23 கிலோக் குழந்தையாக நினைத்துக்கொள்ளும். நடைக்குக் கலோரி போடும்போது எடையையே பெருக்கும் எண்ணாக எடுத்துக்கொள்வது பொது வழக்கம். அங்கே கணக்கு பாதிக்கும் கீழே விழுந்துவிடும்.

மதிப்பெண் இரண்டு முறை விழுகிறது

நிற்க. மாணவர்களாகிய நமக்கு மதிப்பெண் என்றால் தனிக் கவலை உண்டு. கடிகாரம் தரும் தகுதி மதிப்பெண்ணில் நேரும் தவறே எல்லாவற்றிலும் நுட்பமானது.

VO2 Max என்பது, முழு உழைப்பின்போது உடம்பு, ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில், எத்தனை மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. ஆய்வுக்கூடத்தில் முகத்தில் மூடியைப் பொருத்தி ஓடவிட்டு, மூச்சுக்காற்றை அளந்து இதனைக் காண்பார்கள். கடிகாரத்துக்கு மூச்சுக்காற்று தெரியாது. ஆகவே அது ஒரு குறுக்குவழியைப் பின்பற்றுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஓட எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அந்த வேகத்தில் உங்கள் இதயம் தன் சக்தியில் எத்தனை பங்கு உழைக்கிறது என்று பார்க்கிறது. பங்கு தெரிந்தால் முழுமையைக் கண்டுவிடலாம் அன்றோ? அரைப்பங்கு உழைப்பில் 20 என்றால் முழு உழைப்பில் 40 என்பது போல.

நம் மாணவி சமதரையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது துடிப்பு 150. ஓய்வில் இருக்கும்போது துடிப்பு 60. அந்த வேகத்தில் ஓட, கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 30 மி.லி. பிராணவாயு வேண்டும். இதில் சும்மா நிற்பதற்கே ஆகும் செலவு 3.5 மி.லி.; ஓட்டத்துக்கென ஆகும் செலவு சுமார் 26.7 மி.லி. இதயத்தின் பக்கம் பார்த்தால், ஓய்வுக்கும் ஓட்டத்துக்கும் இடையே 90 துடிப்பு ஏறியிருக்கிறது. அவளால் மொத்தம் ஏற்றக்கூடியது 200-க்கும் 60-க்கும் உள்ள வேற்றுமையாகிய 140. ஆகவே அவள் நூற்றுக்கு 64 பங்கு உழைக்கிறாள். 26.7-ஐ முழுப் பங்குக்கு உயர்த்தி, நிற்பதற்குரிய 3.5-ஐக் கூட்டினால் அவளுடைய மதிப்பெண் 45.

மாமனுடைய வயதை நம்பும் கடிகாரத்துக்கு உச்சம் 175. ஏற்றக்கூடியது 115 மட்டுமே. அந்த 90 துடிப்பு இப்போது நூற்றுக்கு 78 பங்காகத் தோன்றுகிறது. "இத்தனை சிறிய வேகத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறாளே!" என்று அது முடிவுகட்டுகிறது. மதிப்பெண் 37.6-க்கு இறங்கிவிடுகிறது. இது முதல் வீழ்ச்சி.

இரண்டாவது வீழ்ச்சி அட்டவணையில் நிகழ்கிறது. இந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற அட்டவணைகள் உண்டு. அமெரிக்காவில் உள்ள கூப்பர் ஆய்வுநிலையத்தின் அட்டவணையைச் சில கடிகாரங்கள் கையாளுகின்றன. அதன்படி 20 முதல் 29 வயதுவரை உள்ள பெண்களுக்கு 43.9-க்குமேல் இருந்தால் மிகச் சிறப்பு, 39.5-க்குமேல் நன்று, 36.1-க்குமேல் பரவாயில்லை, அதற்குக் கீழே குறைவு. 40 முதல் 49 வயதுவரை உள்ள ஆண்களுக்கு 38.5-க்குக் கீழே இருந்தால் குறைவு. மாணவியின் உண்மையான 45, அவளுடைய அட்டவணையில் மிகச் சிறப்பு. தவறிய 37.6, அவளுடைய அட்டவணையிலாவது பரவாயில்லை என்றிருக்கும். ஆனால் கடிகாரம் பார்ப்பது மாமனுடைய அட்டவணையை. அங்கே அது குறைவு.

முதல் வகுப்பில் தேறியவளைத் தோல்வியென்று எழுதி அனுப்பும் பரீட்சை அதிகாரியைப் போல் ஆயிற்று கடிகாரம்! எண்ணில் ஒரு முறை, எண்ணைப் படிக்கும் அட்டவணையில் ஒரு முறை, ஆக இரு முறை அவள் இறக்கப்பட்டாள். தொடக்கத்தில் அவளுடைய நாடியை எண்ணியதில் ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை.

இந்தக் கணக்கில் எடை எங்கும் வரவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தில் பிராணவாயுச் செலவைக் கிலோ ஒன்றுக்கே கணக்கிடுவதால் எடை தானாக அடிபட்டுப்போகிறது. சைக்கிளில் அப்படியில்லை. மிதியின் சக்தியை வாட்டில் அளந்து அதனை எடையால் வகுப்பார்கள். 120 வாட்டு மிதிப்பவள் 50 கிலோ என்றால் கிலோவுக்கு 2.4 வாட்டு, 75 கிலோ என்று கடிகாரம் நினைத்தால் 1.6 வாட்டு. ஆகவே சைக்கிள் மதிப்பெண்ணில் எடைப்பிழை நேரே பாயும்.

தவற்றைக் கண்டுபிடிக்கும் வழி

கடிகாரம் தன் தவற்றைத் தானே சொல்லாது. ஆனால் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் உண்டு.

முதலாவது, எளிய கழித்தல். கடிகாரத்தில் ஐந்தாம் மண்டலத்தின் மேல் எல்லை எது என்று பாருங்கள். அதை 220-லிருந்து கழியுங்கள். 175 என்று இருந்தால் விடை 45. கடிகாரம் உங்களுக்கு என்ன வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் இந்த ஒரு கழித்தலில் வெளியாகிவிடும்.

இரண்டாவது, பேச்சுச் சோதனை. நான்காம் மண்டலம் என்று கடிகாரம் காட்டும்போது பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சொல்ல முடிந்தால் நீங்கள் நான்காம் மண்டலத்தில் இல்லை. மாறாக, இரண்டாம் மண்டலம் என்று காட்டும்போது இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால், கடிகாரம் உங்களை இளையவராக நினைக்கிறது என்று ஐயுறலாம்.

மூன்றாவது, எல்லை மீறல். உச்சம் 175 என்று கடிகாரம் கொண்டிருக்க, ஒரு வேகமான ஓட்டத்தில் துடிப்பு 186 என்று பதிவாகி, அந்த வேகத்தில் நீங்கள் மேலும் சில நிமிடம் ஓடவும் முடிந்தால், அந்த உச்சம் உங்களுடையது அன்று. நூற்றுக்கு நூறுக்குமேல் ஒருவர் உழைக்க முடியாது.

இம்மூன்றுக்கும் முன்னே ஒன்று செய்துகொள்வது நல்லது. ஓடி நின்றவுடன் மறு மணிக்கட்டில் விரலை வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். கடிகாரத்தின் எண்ணோடு ஏறக்குறைய ஒத்திருந்தால் அளவு சரி; கோளாறு விவரங்களில் இருக்கிறது. ஒத்திராவிட்டால் வார் தளர்வாக இருக்கலாம். குளிரில் கை விறைத்து மணிக்கட்டின் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அல்லது கடிகாரம் உங்கள் காலடி எண்ணிக்கையையே துடிப்பென்று எண்ணியிருக்கலாம். அது வேறு நோய். வயதைத் திருத்துவதால் தீராது.

திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பிறந்த தேதி, எடை, உயரம், பால் ஆகியவற்றைத் தொலைபேசியில் உள்ள செயலியில் திருத்திவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். திருத்தியபின் கடிகாரத்தை அதனோடு இணைத்து, கடிகாரத்திலேயே மண்டல எல்லைகள் மாறினவா என்று பாருங்கள். முன்பு யாரேனும் உச்சத் துடிப்பைக் கையால் எழுதி வைத்திருந்தால், வயதை மாற்றினாலும் அந்த எண் மாறாமல் அப்படியே குந்தியிருக்கக் கூடும். மாமன் கடிகாரத்தில் பெரும்பாலும் தங்கிவிடுவது இந்த எண்தான். அதைத் தனியே அழித்தோ மாற்றியோ ஆகவேண்டும். பிறர் கொடுத்த கடிகாரமானால், விவரங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது மேல்.

தகுதி மதிப்பெண் மறுநாளே சரியாகிவிடாது. சில ஓட்டங்களின் சராசரியாக அது கட்டப்படுவதால் மெல்லத்தான் ஏறும் அல்லது இறங்கும். அப்படி ஏறுவதைக் கண்டு, "ஒரே வாரத்தில் உடம்பு தேறிவிட்டது" என்று மகிழவும் வேண்டாம். பழைய பதிவுகள் பழைய தவற்றோடேயே கிடக்கும். அவற்றைப் புதியவற்றோடு ஒப்பிட்டால் இல்லாத முன்னேற்றம் தோன்றும். திருத்திய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிந்திய எண்களை மட்டும் தமக்குள் ஒப்பிடுவதே முறை.

சரியான வயதும் சராசரியே

இனி ஒன்று சொல்லி முடிக்கலாம். விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தால் மண்டலங்களும் சரியாகிவிடுமா? பெரும்பிழை நீங்கும், சிறுபிழை நிற்கும்.

220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் 1971-இல் பாக்ஸ் முதலியோர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதற்கென்றே தனிச் சோதனை நடத்திக் கண்டதன்று; முன்னரே வெளிவந்திருந்த அளவுகளுக்கு நடுவே கண்மதிப்பாக இழுத்த ஒரு கோடு. 2001-இல் தனாக்கா முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும் என்றார்கள். 2010-இல் குலாத்தி முதலியோர் பெண்களை மட்டும் ஆராய்ந்து, வயதை 0.88-ஆல் பெருக்கி 206-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். நம் மாணவிக்கு முதல் சூத்திரம் 200 தரும், இரண்டாவது 194, மூன்றாவது 188. எந்தச் சூத்திரமும் சராசரியையே தரும். ஒரே வயதுள்ள பலரை அளந்தால், மூவரில் இருவர் சராசரிக்கு மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு துடிப்புக்குள் இருப்பார்கள். மூன்றாமவர் அதற்கும் அப்பால் இருப்பார். இருபது வயதில் 185 உச்சமுள்ளவரும் உண்டு. 212 உள்ளவரும் உண்டு. இருவரும் உடல்நலமுள்ளவர்களே. உச்சத் துடிப்பு கூடியவர் வல்லவர் என்பதும் இல்லை.

ஆகவே, உடல்நலமுள்ள, ஓடிப் பழகிய மாணவர் தம் உச்சத்தை அளந்தே அறியலாம். கால்மணி நேரம் இலேசாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, சரிவான மேட்டுப் பாதையில் இரண்டு மூன்று நிமிடம் வேகமாக ஏறி, மெல்ல இறங்கி வர வேண்டும். இவ்வாறு மும்முறை செய்து, கடைசி முறை இயன்ற மட்டும் ஓடினால், அப்போது பதிவாகும் மிகுதியான துடிப்பு உண்மை உச்சத்துக்கு மிக அருகில் இருக்கும். மார்பில் கட்டும் பட்டை கிடைத்தால் அதனால் அளப்பது மணிக்கட்டைவிட நம்பத்தக்கது. தனியே செய்யாமல் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய் இருந்தவர்களும், நெடுநாள் ஓடிப் பழகாதவர்களும், நம் பெற்றோர் வயதினரும் மருத்துவரைக் கேளாமல் இச்சோதனையில் இறங்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் என்னும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உச்சமே தாழ்ந்திருக்கும். அவர்களுக்கு வயதுச் சூத்திரம் எதுவும் பொருந்தாது.

அவ்வாறு கண்ட எண்ணைக் கடிகாரத்தில் உச்சத் துடிப்பாக எழுதிவிட்டால், மண்டலங்களுக்கு வயது வேண்டியதில்லை. எடையை மட்டும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பார்த்துத் திருத்துங்கள். விடுமுறைக்குப் போய் அம்மா கைச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் இதை மறக்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது பழைய கடிகாரத்தை அப்பாவுக்கோ அத்தைக்கோ கொடுப்பதாக இருந்தால், அவர்கள் மணிக்கட்டில் கட்டுமுன் உங்கள் வயதை அதிலிருந்து அழித்துவிட்டு அவர்கள் வயதை எழுதிக் கொடுங்கள்.